வெள்ளை அறிக்கையின் எலும்பும் சதையும்

ஆட்சி மாறியதும் அறிக்கை வருவது தமிழகத்துக்குப் புதிதல்ல. 2001-ல் ஆட்சிக்கு வந்தவர்கள் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 9-ஆம் நாள் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் இன்னொரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். நூறு பக்கங்களைத் தாண்டிய அறிக்கை அது. அட்டவணைகள், வரைபடங்கள், ஒப்பீடுகள் என்று பக்கம் பக்கமாக நீண்டது. பணிமனையிலும் ஆலை வாயிலிலும் நிற்கிற தோழர் அதை முழுவதும் படிக்க நேரம் ஏது? எனவே யாரோ ஒருவர் அதைச் சுருக்கி எழுதத்தான் வேண்டும். இரண்டு பக்கத்தில் எழுதி, கிளைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அன்று நடந்தது என்ன? அறிக்கை வந்த மறுநாள் ஊரெங்கும் பேசப்பட்டது ஒரே ஓர் எண்: ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன்! தேநீர்க் கடையிலே அதுதான் பேச்சு. பேருந்திலே அதுதான் பேச்சு. நூறு பக்க அறிக்கையைச் சுருக்கியாகிவிட்டது, ஒரே வரியில்! ஆனால் அந்த ஒரு வரியைக் கேட்டவருக்கு அறிக்கை என்ன வாதாடுகிறது என்பது தெரிந்ததா? கடன் ஏன் வந்தது, எதற்குச் செலவாயிற்று, அதில் எது தவறு என்பது தெரிந்ததா? தெரியவில்லை. எண் நின்றது, வாதம் விழுந்தது.

சுருக்கம் என்பது சதையைக் குறைப்பது. எலும்பை உருவிவிட்டால் உடல் நிற்காது. வெள்ளை அறிக்கையின் எலும்பு அதன் எண்கள் அல்ல. ‘இது இப்படி இருக்கிறது, இதற்குக் காரணம் இது, ஆகவே இதைச் செய்தாக வேண்டும்’ என்கிற தொடர்தான் எலும்பு. எண்கள் அந்தத் தொடரின் சாட்சிகள். சாட்சிகளை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு வழக்கு என்னவென்று சொல்லாமல் விட்டால், கேட்பவன் எந்தத் தீர்ப்பை எழுதுவான்?

முதலில் கேள்வியைக் கண்டுபிடி

அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே குறிப்பெடுப்பவர் உண்டு. அவர் முப்பதாவது பக்கம் போவதற்குள் பத்துப் பக்கம் குறிப்பு எழுதியிருப்பார். அது சுருக்கமல்ல, சிறிய எழுத்தில் எழுதப்பட்ட அதே அறிக்கை. நாம் சொல்லும் வழி வேறு. முன்னுரையைப் படியுங்கள், உடனே கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். அறிக்கையை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் இரண்டே வாக்கியம் எழுதுங்கள். ஒன்று, இந்த அறிக்கை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? மற்றொன்று, அந்தப் பதில் என்ன?

2021 அறிக்கையை எடுத்துக்கொண்டால் கேள்வி ‘கடன் எவ்வளவு’ என்பதல்ல. ‘மாநிலத்தின் நிதிநிலை கெட்டது எதனால்? அது தற்காலிகமான கேடா, நிலையான கேடா?’ என்பதுதான் கேள்வி. ‘கேடு நிலையானது, தொற்றுநோய்க்கு முன்பே தொடங்கியது, வருமானம் சுருங்கியதே முக்கியக் காரணம், ஆகவே சீர்திருத்தம் இல்லாமல் சமாளிக்க முடியாது’ என்பது பதில். இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதிய பிறகுதான் நடுப்பக்கங்களைப் படிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு அட்டவணையையும் பார்த்து, ‘நீ இந்தப் பதிலுக்கு என்ன உதவி செய்கிறாய்?’ என்று கேட்கலாம். உதவி செய்யாத அட்டவணை எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே நிற்கட்டும்.

கண்ணிகளைக் கோப்பது

இரண்டாவது வேலை, பதிலைக் கண்ணிகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு கண்ணியும் ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ‘வருவாய்ப் பற்றாக்குறை’ என்று தலைப்பு எழுதினால் அது கண்ணியாகாது. அதில் எழுவாய் உண்டு, பயனிலை இல்லை. ‘வருவாய்ப் பற்றாக்குறை தொற்றுநோய்க்கு முன்பே வளர்ந்துவிட்டது’ என்றால்தான் அது வாதத்தின் ஒரு பகுதி. ஒருவர் அதை மறுக்கலாம், ஒருவர் ஒப்புக்கொள்ளலாம். மறுக்கவும் முடியாத ஒப்பவும் முடியாத சொற்றொடர் சுருக்கத்தில் இடத்தை அடைக்குமே தவிர வேலை செய்யாது.

அப்படிப் பிரித்துப் பார்த்தால் இந்த அறிக்கையில் நான்கு கண்ணிகள் தேறும்.

முதல் கண்ணி: அரசு தன் அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாத நிலைக்கு வந்துவிட்டது. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி முதலிய அன்றாடச் செலவுக்கு வருமானம் போதாமல் விழுகிற துண்டுதான் வருவாய்ப் பற்றாக்குறை. 2006 முதல் 2013 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் துண்டு விழவில்லை, மிச்சமே இருந்தது. 2013-14 முதல் ஆண்டுதோறும் துண்டு. 2019-20-ல் அது 35,909 கோடி. 2020-21-ல் 61,320 கோடி. தொற்றுநோய் 2020-21-ஐத்தான் தாக்கியது. 35,909 கோடி அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு. ‘எல்லாம் நோயால் வந்தது’ என்ற பேச்சுக்கு இந்த ஓர் ஆண்டின் எண்ணே பதில்.

இரண்டாவது கண்ணி: துண்டு விழுந்ததற்கு முக்கியக் காரணம் வருமானம் சுருங்கியது. மாநிலத்தில் உற்பத்தியாகிற செல்வத்தில் நூற்றுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஒரு காலத்தில் மாநில அரசின் சொந்த வரியாக வந்தது. 2020-21-ல் வந்தது 5 ரூபாய் 46 காசு. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரியிலும் தமிழகத்தின் பங்கு குறைந்தது. 13-ஆவது நிதிக்குழு 4.969 சதவிகிதம் கொடுத்தது; 14-ஆவது நிதிக்குழு அதை 4.023 ஆக்கியது.

மூன்றாவது கண்ணி: வரவு செலவுத் திட்டத்தில் தெரியாத நட்டமும் இருக்கிறது. மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள், சென்னைக் குடிநீர் வாரியம் ஆகியவை வாங்கும் கடனுக்குப் பின்னால் நிற்பது அரசுதான். ஒரு யூனிட் மின்சாரத்தில் 2 ரூபாய் 36 காசு, பேருந்து ஓடும் ஒரு கிலோமீட்டரில் 59 ரூபாய் 15 காசு, ஆயிரம் லிட்டர் குடிநீரில் 20 ரூபாய் 81 காசு நட்டம் என்கிறது அறிக்கை.

நான்காவது கண்ணி: ஆகவே கடன் வாங்குவதன் தன்மையே மாறிவிட்டது. அணைக்கும் பாலத்துக்கும் கடன் வாங்கிய அரசு, அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கும் அரசாகிவிட்டது. இது தொடர முடியாது.

நான்கையும் எழுதிய பின் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் ‘ஏனென்றால்’ அல்லது ‘ஆகவே’ என்ற சொல்லைப் போட்டுப் படியுங்கள். துண்டு விழுகிறது, ஏனென்றால் வருமானம் சுருங்கியது: பொருந்துகிறது. துண்டு விழுகிறது, ஆகவே அன்றாடச் செலவுக்குக் கடன்: பொருந்துகிறது. ‘மேலும்’ என்ற சொல் மட்டுமே பொருந்துகிற இடத்தில் நின்று யோசியுங்கள். அங்கே ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. அல்லது வேண்டாத ஒன்று நுழைந்திருக்கிறது. மூன்றாவது கண்ணியை முதலில் எழுதும்போது பெரும்பாலோர் ‘மேலும் மின்வாரியமும் நட்டத்தில் ஓடுகிறது’ என்றுதான் எழுதுவார்கள். அந்த நட்டத்துக்கான கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருப்பது அரசு என்ற ஒரே வாக்கியத்தைச் சேர்த்தால் ‘மேலும்’ போய்விடும். ‘ஆகவே சுமை கணக்கில் காண்பதைவிடப் பெரிது’ என்று வாதம் நடக்கும்.

எந்த எண்ணை வைப்பது?

இரண்டு பக்கத்தில் எத்தனை எண்கள் தாங்கும்? ஒரு கண்ணிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் கேட்பவர் முதல் எண்ணை மறந்துவிடுவார். எனவே தேர்ந்தெடுக்க வேண்டும். எது பெரியதோ அதைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஆனால் எது வாதத்தை நடத்துகிறதோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புகழ்பெற்ற அந்த 2,63,976-ஐ எடுத்து உடைத்துப் பார்ப்போம். மாநிலத்தின் மொத்தக் கடன் 5,70,189 கோடி ரூபாய். குடும்பங்கள் 2 கோடியே 16 லட்சம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2,63,976 வரும். அவ்வளவுதான்! அது ஒரு வகுத்தல் கணக்கு. அதிலும் அந்த 5,70,189 கோடி என்பது 2022 மார்ச் இறுதியில் கடன் எவ்வளவு இருக்கும் என்று போட்ட மதிப்பீடு. 2021 மார்ச் இறுதிக்குச் சொல்லப்பட்டது 4,85,502 கோடி. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘இன்று உன் தலையில் இவ்வளவு கடன்’ என்று மேடையில் முழங்கினால், மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் ஒரே கேள்வியில் நம்மை மடக்கிவிடுவார்.

அந்த எண் தவறானது என்று நாம் சொல்லவில்லை. வாதத்தில் அதற்கு வேலை இல்லை என்கிறோம். ஒருவன் மூன்று லட்சம் கடன் வாங்கி வீடு கட்டினான்; மற்றொருவன் மூன்று லட்சம் கடன் வாங்கி மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்த்தான். இருவருக்கும் கடன் ஒன்றுதான். நிலைமை ஒன்றா? கடனின் அளவு அந்த வேறுபாட்டைக் காட்டாது.

அதைக் காட்டுகிற எண் அறிக்கையில் இருக்கிறது. ஆனால் அது தலைப்புச் செய்தியாகவில்லை. 2011 முதல் 2016 வரை ஐந்து ஆண்டுகளின் நிதிப் பற்றாக்குறையில், அதாவது கடன் வாங்கி நிரப்ப வேண்டிய மொத்தத் துண்டில், வருவாய்ப் பற்றாக்குறையின் பங்கு 14.94 சதவிகிதம். 2016 முதல் 2021 வரை அதே பங்கு 52.48 சதவிகிதம். தொழிலாளியின் மொழியில் சொல்வதானால், முன்பு நூறு ரூபாய் கடன் வாங்கினால் அதில் பதினைந்து ரூபாய் அன்றாடச் செலவுக்குப் போயிற்று. பிறகு ஐம்பத்திரண்டு ரூபாய் போயிற்று. நான்காவது கண்ணி முழுவதையும் தாங்கி நிற்பது இந்த இரண்டு எண்கள். ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம் உண்டு என்று எவரேனும் சொன்னால், நாம் 2,63,976-ஐ விட்டுவிட்டு 52-ஐ வைத்துக்கொள்வோம்.

எண்ணை வைக்கும்போது அதன் வாலையும் சேர்த்து வைக்க வேண்டும். எந்த ஆண்டு, எதற்கு எத்தனை, முடிந்த கணக்கா மதிப்பீடா என்பதுதான் வால். 61,320 கோடி என்பது அறிக்கை வந்தபோது இருந்த கணக்கு; தணிக்கை முடிந்த கணக்கல்ல. 5.46 என்பது நோய் தாக்கிய ஆண்டின் எண். அதன் மேல் மட்டும் வீடு கட்டக்கூடாது. வரி விகிதம் அதற்கு முன்பே இறங்கிவந்திருக்கிறது என்ற சொற்களும் கூடவே போக வேண்டும். இடம் போதவில்லை என்று வாலை வெட்டுகிறவர்கள் உண்டு. வாலை வெட்டுவதைவிட எண்ணையே விட்டுவிடுவது மேல்.

எதிர்வாதத்துக்கு இடம் உண்டா?

உண்டு. இல்லாவிட்டால் அது சுருக்கம் ஆகாது, துண்டறிக்கை ஆகும். வெள்ளை அறிக்கைக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான சொல் இது: மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் 2021 மார்ச்சில் கடன் சுமார் 25 சதவிகிதம்தான். வளரும் மாநிலம் கடன் வாங்கத்தான் செய்யும். அளவு மீறாத கடனைக் காட்டி ஏன் அச்சமூட்டுகிறீர்கள்? இதை ஏளனம் செய்து தள்ளிவிட முடியாது. கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் விவரம் தெரிந்த தோழர் எழுந்து இதைத்தான் கேட்பார்.

சுருக்கத்தில் வாதம் முழுமையாக இருந்தால் பதிலும் அதிலேயே இருக்கும். கடனின் அளவு கைமீறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். கடன் எதற்குச் செலவாயிற்று என்பதுதான் அறிக்கையின் வழக்கு. 52.48 என்ற எண் இங்கேதான் கைகொடுக்கிறது. 2,63,976-ஐ மட்டும் கொண்டு கூட்டத்துக்குப் போனவர் இந்தக் கேள்வியின் முன் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். ஏனெனில் அவர் கடனின் அளவில் தன் வழக்கை அடகு வைத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த அறிக்கை கணக்கை 2006-11, 2011-16, 2016-21 என்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிக்கிறது. அவை ஆட்சிக்காலங்கள். வெளியிட்டவர்கள் அடுத்து ஆட்சிக்கு வந்தவர்கள். இப்படிப் பிரிப்பது பொய்யல்ல. ஆனால் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த பிரிவு. ‘இந்தக் கணக்கைப் புதிய அரசு ஆட்சிக்கால வாரியாகப் பிரித்துக் காட்டுகிறது’ என்று ஒரு வாக்கியம் சுருக்கத்தில் இருக்கட்டும். அறிக்கையின் வாதத்தைச் சொல்பவர் நாம். அறிக்கைக்கு வக்கீல் அல்ல. ‘அறிக்கை சொல்கிறது’, ‘அறிக்கையின் கணக்குப்படி’ என்ற சொற்களை இடம் மிச்சப்படுத்த நீக்கிவிட்டால், பிறர் சொன்னது நாம் சொன்னதாகிவிடும்.

இரண்டு பக்கத்தில் எது எவ்வளவு?

அச்சில் இரண்டு பக்கம் என்றால் ஏறத்தாழ அறுநூறு சொற்கள். முடிவை முதலில் சொல்லுங்கள், ஐம்பது சொற்களில். நான்கு கண்ணிகளுக்கும் பத்தி ஒன்றுக்கு நூறு சொற்கள். எதிர்வாதத்துக்கு எண்பது. அறிக்கை எதைச் சொல்லாமல் விட்டது என்பதற்கு எழுபது. கணக்கு சரியாகிவிட்டது.

தொடக்கப் பத்தி எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு ஒரு மாதிரி: ‘வெள்ளை அறிக்கையில் வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை, கடன், மின்வாரியம், போக்குவரத்து, குடிநீர், வரி வருவாய் ஆகியவை பற்றி விரிவாகக் கூறப்பட்டுள்ளது.’ இதில் பொய் ஒன்றுமில்லை, மெய்யும் ஒன்றுமில்லை. பொருளடக்கத்தை வாக்கியமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவே.

இப்படி இருக்கலாம்: ‘தமிழக அரசு 2013 முதல் ஆண்டுதோறும் தன் அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கிவருகிறது என்கிறது வெள்ளை அறிக்கை. இது நோயால் வந்த தற்காலிகத் துன்பமல்ல. வரி வருமானம் சுருங்கியதாலும், மத்திய அரசின் பங்கு குறைந்ததாலும், பொது நிறுவனங்களின் நட்டம் ஏறியதாலும் வந்த நிலையான கேடு என்பது அதன் வாதம். ஆகவே வருமானத்தைப் பெருக்கும் சீர்திருத்தம் தேவை என்று முடிக்கிறது.’ இதை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் எழுந்து போனாலும் வழக்கு அவர் கையில் இருக்கும், விவரம்தான் குறையும்.

சொல் மாறினால் பழி மாறும்

சுருக்கும்போது வாக்கியம் குறுகும். குறுகும்போது எழுவாய் மாறும். இங்கேதான் தொழிலாளத் தோழர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ‘பேருந்து ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கழகத்துக்குச் செலவைவிட வரவு 59 ரூபாய் 15 காசு குறைகிறது’ என்பது அறிக்கையின் பொருள். இதைச் சுருக்குகிறவர், ‘போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு 59 ரூபாய் நட்டம்’ என்பார். அதை இன்னொருவர் சுருக்கி, ‘பேருந்து ஊழியர்களால் நட்டம்’ என்பார். மூன்றே கை மாறியதில் ஓட்டுநரும் நடத்துநரும் குற்றவாளிக் கூண்டில்!

அந்த 59 ரூபாயில் டீசல் விலை உண்டு, கடனுக்கு வட்டி உண்டு, 2018-க்குப் பின் மாறாத கட்டணம் உண்டு, ஆளில்லாத ஊருக்கும் அரசு சொல்லி ஓடுகிற வண்டி உண்டு. நட்டம் என்பது வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி; அது எவருடைய குற்றம் என்பதை அந்த எண் சொல்லவில்லை. மின்சாரத்தின் 2 ரூபாய் 36 காசும் அப்படியே. 2014-க்குப் பிறகு 2021 வரை மின்கட்டணம் மாறவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி வளர்ந்தது. எனவே, சுருக்கத்தில் நட்டம் என்று எழுதும் இடத்திலெல்லாம் ‘வரவு குறைகிறது’ என்று எழுதிப் பாருங்கள். நீளம் கொஞ்சம் கூடும். பழி இடம் மாறாது.

சரியாக வந்ததா என்று எப்படி அறிவது?

மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் அறிக்கையின் பக்க எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். எண் குறிக்க முடியாத வாக்கியம் நம் மண்டையிலிருந்து வந்தது. அது நல்ல கருத்தாகவே இருக்கலாம். ஆனால் இந்தத் தாளில் அதற்கு இடமில்லை. அதைத் தனிக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஏதேனும் ஒரு பத்தியைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். வாதம் தடைப்படாமல் ஓடுகிறதா? ஓடினால் மறைத்த பத்தி தேவையில்லை. மூன்றாவது கண்ணியை மறைத்துப் பார்த்தால், பொது நிறுவனங்களில் ஏன் சீர்திருத்தம் வேண்டும் என்பது அந்தரத்தில் தொங்கும். எனவே அது இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் முக்கியமானது. அறிக்கையைப் படிக்காத ஒரு தோழரிடம் சுருக்கத்தைக் கொடுங்கள். படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, ‘அண்ணே, இதில் என்ன சொல்லியிருக்கிறது?’ என்று கேளுங்கள். ‘அரசுக்கு ஏகப்பட்ட கடன் இருக்கிறதாம்’ என்று அவர் சொன்னால், நாம் எழுதியது தோற்றது. திரும்பவும் உட்கார வேண்டும். ‘அன்றாடச் செலவுக்கே கடன் வாங்குகிறார்களாம், வரி சரியாக வரவில்லையாம்’ என்று சொன்னால் வாதம் போய்ச் சேர்ந்தது. எண் ஒன்றுகூட அவருக்கு நினைவில் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. எண் தாளில் இருக்கிறது. வாதம்தான் தலையில் இருக்க வேண்டும்.

அறிக்கை சொல்லாதது

கடைசிப் பத்தியாக எழுபது சொற்கள் ஒதுக்கினோமே, அது ஏன்? வருமானத்தைப் பெருக்க வேண்டும் என்பது அறிக்கையின் முடிவு. யாரிடமிருந்து பெருக்குவது என்பது அந்த முடிவிலிருந்து தானாக வராது. பெரிய மாளிகைக்காரனிடமிருந்தா, ஓட்டு வீட்டுக்காரனிடமிருந்தா? மத்திய அரசிடம் வாதாடியா, மின்கட்டணப் பட்டியலைத் திருத்தியா? ‘பற்றாக்குறை இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்கும் ‘ஆகவே நீ கொடு’ என்ற வாக்கியத்துக்கும் இடையில் ஒரு கண்ணி இருக்கிறது. அது அரசியல் முடிவு. கணக்கு முடிவு அல்ல.

பின்னால் நடந்ததை நாடறியும். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. 61,320 கோடியாக இருந்த வருவாய்ப் பற்றாக்குறை 2021-22-ல் 46,538 கோடியாக இறங்கியது. உயர்வு வேண்டியதுதான் என்று வாதாடியவரும் உண்டு; கூடாது என்று வாதாடியவரும் உண்டு. தலைக்கு இத்தனை கடன் என்ற ஒரு வரியை மட்டும் கேட்டிருந்த தொழிலாளி இரு தரப்பிலும் சேர முடியவில்லை. கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுக்கத்தான் அவரால் முடிந்தது. கண்ணிகளை அறிந்திருந்தவர் ஒரு கேள்வியாவது கேட்டார்: வருமானம் சுருங்கியது வரியில் என்றால், நிரப்புவது ஏன் கட்டணத்தில்?

அந்தக் கேள்விக்கு என்ன விடை என்பது வேறு விவாதம். அதைக் கேட்க வழிவிடுகிற இரண்டு பக்கத்தைத்தான் நாம் சுருக்கம் என்கிறோம். அடுத்த வெள்ளை அறிக்கை எந்த ஆட்சியில் வந்தாலும் சரி, கிளைச் செயலாளர்கள் முதலில் கடைசி அத்தியாயத்தைத் திறக்கட்டும். பென்சிலைக் கையில் எடுக்கட்டும்.